மின் கட்டணத்தை எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

"250 யூனிட் ஓடியிருக்கிறது. பில் தொகை எப்படி வந்தது?"

1,000 வாட் கருவி ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். மீட்டரின் இப்போதைய அளவில் முந்தைய அளவைக் கழித்தால் கிடைப்பதே பயன்பாடு. அடிப்படைத் தேவைக்கான மின்சாரம் மலிவாகவும் அதிகப் பயன்பாடு விலை கூடுதலாகவும் இருப்பதற்காக, பல இடங்களில் யூனிட்டுகளைப் படிகளாகப் பிரிக்கிறார்கள். வரிசையாக வைத்த குடங்களைப் போல, முதல் குடம் நிரம்பிய பிறகே அடுத்ததில் தண்ணீர் விழும்.

கணக்கு புரிவதற்காக விகிதங்களை நாமே வைத்துக்கொள்வோம்:

```
4770 - 4520 = 250 யூனிட்
முதல் 100 × ரூ.2 = 200
அடுத்த 100 × ரூ.4 = 400
மீதி 50 × ரூ.6 = 300
நிலைக் கட்டணம் = 50
மொத்தம் = ரூ.950
```

நிலைக் கட்டணம் இணைப்புக்கானது. வீடு பூட்டிக் கிடந்தாலும் வரும். தொகை திடீரென எகிறினால் முதலில் பில்லில் உள்ள அளவை மீட்டரோடு ஒப்பிடுங்கள். மீட்டரில் அதைவிடக் குறைவாக இருந்தால், தவறாகவோ உத்தேசமாகவோ குறித்திருக்கிறார்கள்.

200-ஐ ஒரு யூனிட் தாண்டினாலே மொத்தத்துக்கும் 6 ரூபாய் என்று பலர் நினைக்கிறார்கள். இந்த முறையில் அந்த ஒரு யூனிட்டுக்கு மட்டுமே 6 ரூபாய். வரம்பைத் தாண்டியதும் முழுப் பட்டியலையே மாற்றும் இடங்களும் உண்டு என்பதால், உங்கள் கட்டணப் பட்டியலில் அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.