மூன்று வாத்துகளில் எதை விடுவது?

"வெள்ளைப் பெக்கின் வாத்துகள் மூன்று, முட்டையிடுபவை என்கிறார் விற்பவர். படங்களைப் பார்த்துச் சொல்லுங்கள். இரண்டாவதன் அலகில் கறுப்புக் கோடுகள் இருக்கின்றன, நோயா?"

ஐயா, அந்தக் கறுப்புக் கோட்டுக்காரியை முதலில் வாங்குங்கள். பெக்கின் பெட்டை முட்டையிடத் தொடங்கினால் அலகின் ஆரஞ்சு நிறம் மெல்ல வெளுக்கும். சிலவற்றுக்குக் கறுப்புக் கோடுகளும் விழும். ஆனால் மாலை வெயிலில் எடுத்த படத்தில் எல்லா அலகும் மஞ்சளாகத்தான் தெரியும். இறகின் வெள்ளையைப் பாருங்கள். அதுவும் மஞ்சளாக இருந்தால் அலகின் நிறத்தை நம்பாதீர்கள்.

முதல் வாத்தின் அலகு பளிச்சென்ற ஆரஞ்சு, வாலில் மேல்நோக்கிச் சுருண்ட இறகு. அது ஆண். முட்டை கிடைக்காது.

மூன்றாவதுதான் எனக்கு உறுத்துகிறது. வயிற்று இறகு நனைந்து, சேறு அப்பி, கற்றை கற்றையாக ஒட்டியிருக்கிறது. நல்ல இறகில் தண்ணீர் முத்து முத்தாக உருண்டோடும். தலையை முக்கிக் கழுவத் தண்ணீர் இல்லாத கொட்டிலில் வளர்ந்தால் இப்படி ஆகும். மூக்குத் துளையைச் சுற்றியும் அழுக்கு அடைத்திருக்கிறது.

அது ஒற்றைக் காலில் நிற்பதை மட்டும் வைத்து நொண்டி என்று சொல்ல மாட்டேன், வாத்து அப்படித்தான் ஓய்வெடுக்கும். நடக்கும் வீடியோவும் பாதத்தின் அடிப்பக்கப் படமும் கேளுங்கள். பாதத்தின் நடுவில் வீக்கமும் கறுத்த பொருக்கும் இருந்தால் விட்டுவிடுங்கள். நேரில் போனால் கையில் தூக்குங்கள்: பெட்டை உரக்கக் கத்தும், ஆணுக்குக் கரகரப்பு மட்டுமே வரும்.