நாயைக் கண்டால் நடுங்கும் பிள்ளை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

தெருமுனையில் நாய் படுத்திருந்தால் என் ஏழு வயது மகள் பள்ளி வேனுக்கே வர மறுக்கிறாள். பயத்தைப் படிப்படியாகப் போக்கலாம் என்கிறார்களே, அது எப்படி? (ஈரோடு வாசகி)

இதை ஒரு சிறுவனின் கதையாகச் சொன்னால் எளிதில் விளங்கும். அவனைக் கவின் என்று வைத்துக்கொள்வோம், வயது எட்டு. மூன்று ஆண்டுகளுக்கு முன் சைக்கிளில் போனபோது ஒரு நாய் அவனைத் துரத்தியது, கடிக்கவில்லை. அன்றிலிருந்து நாயைக் கண்டால் அடுத்த தெரு வழியாகச் சுற்றிப் போவான். அப்படி விலகும் ஒவ்வொரு முறையும் கிடைக்கும் நிம்மதிதான் பயத்தை வளர்த்தது. நின்று பார்த்தால் என்ன ஆகும் என்பதை அறிய அவனுக்கு வாய்ப்பே வரவில்லை.

முதல் இரண்டு அமர்வுகளில் நாயைப் பற்றிய பேச்சே இல்லை. கைக்குள் எலுமிச்சம்பழம் இருப்பதாக நினைத்து ஐந்து எண்ணும்வரை பிழிந்து, பிறகு கையைத் தளர விடக் கற்றான். வயிற்றின் மேல் காகிதக் கப்பலை வைத்துக்கொண்டு, அது மெல்ல ஏறி இறங்கும்படி மூச்சு விடப் பழகினான். அதன் பிறகுதான் பயத்துக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண் இட்டு, அவனே துண்டுச் சீட்டுகளில் எழுதி வரிசைப்படுத்தினான்: நாய்ப் படம் 2, ஒலியில்லாத காணொளி 3, மாடியிலிருந்து நாயைப் பார்ப்பது 4, குரைப்பொலியுடன் காணொளி 5, கட்டிய நாய் 30 அடியில் 6, பத்தடியில் 8, அதன் முதுகைத் தொடுவது 9. உண்மையான நாயைத் தொலைவில் பார்ப்பதைவிடக் குரைப்பொலிக்கு அவன் அதிக மதிப்பெண் இட்டதைக் கவனியுங்கள். பெற்றோர் தாமே பட்டியல் போட்டிருந்தால் இது தெரிந்திருக்காது.

ஒவ்வொரு படியிலும் உடலைத் தளர்த்திக்கொண்டு, மதிப்பெண் 2 ஆகும்வரை அங்கேயே இருக்க வேண்டும். இரு வேறு நாட்களில் அப்படி ஆனபின் மட்டுமே அடுத்த படி. நிஜ நாய்க்கு, அத்தை வீட்டு வயதான லேப்ரடார் லட்டு வந்தது. பத்தடியில் நின்ற நாளில் அது திடீரெனத் தும்மி உடம்பை உதறியதும், கவினின் மதிப்பெண் 9க்குத் தாவியது. வீட்டுக்கு ஓட விடாமல், இருபதடி பின்வாங்கி, மூச்சைச் சீராக்கி, 3 ஆனதும் முடித்தோம். மறுநாள் மறுபடி முப்பதடியிலிருந்து தொடங்கினோம். ஏழாம் வாரத்தில், அத்தை தலையைப் பிடித்திருக்க, அவன் லட்டுவின் முதுகை இரண்டு விரலால் தொட்டான். "சூடா இருக்கு" என்றான்.

முறையான கூருணர்வு நீக்கம் எனப்படும் இதை 1950களில் வகுத்தவர் தென்னாப்பிரிக்க மனநல மருத்துவர் ஜோசப் வோல்பே. அவர் பெரியவர்களைப் பெரும்பாலும் கற்பனையில் காட்சிகளைக் காணச் செய்தார். சிறு பிள்ளைகளுக்கு நேரில் காட்டுவதே நன்றாகப் பலிக்கிறது.

"இப்போ பயம் ரெண்டுதான்" என்று பிள்ளை சொன்னால் நம்பலாமா? (மதுரை வாசகர்)

எண்ணைவிட உடம்பைப் பாருங்கள். தோள்கள் காதுவரை ஏறியிருந்தால், உங்கள் சட்டையை இறுகப் பிடித்திருந்தால், அந்த இரண்டு உங்களை மகிழ்விக்கச் சொன்ன இரண்டு. அன்று படி ஏற்ற வேண்டாம்.

நாய் அருகில் இருக்கும்போது பிஸ்கெட் கொடுக்கலாமா? (கோவை வாசகி)

கொடுக்கலாம், பழைய வழிதான். 1924இல் அமெரிக்க உளவியலாளர் மேரி கவர் ஜோன்ஸ், பீட்டர் என்று அவர் குறிப்பிட்ட ஏறத்தாழ மூன்று வயதுச் சிறுவனுக்கு, விருப்பமான உணவைத் தந்துகொண்டே முயலைச் சிறிது சிறிதாக அருகில் கொண்டுவந்தார். ஆனால் தூரத்தை அவசரமாகக் குறைத்தால் விளைவு தலைகீழாகி, பிள்ளை உணவையே வெறுக்கக்கூடும் என்றும் அவர் எச்சரித்தார். பிள்ளை மெல்லுவதை நிறுத்திவிட்டால் நாய் மிக அருகில் வந்துவிட்டது என்று பொருள்.

தாத்தா நாய்க்குட்டியை என் மகனின் மடியில் தூக்கிப் போட்டுவிட்டார். பயம் கூடிவிட்டது. (திருச்சி வாசகி)

பயம் உச்சத்தில் இருக்கும்போது அவன் அலறித் தப்பியதால், தப்பியதுதான் தன்னைக் காத்தது என்று அவன் மனத்தில் பதிந்துவிட்டது. இரு வாரம் நாய்ப் பேச்சை விட்டுவிட்டு, பழைய பட்டியலில் இரண்டு படி கீழிருந்து தொடங்குங்கள். குட்டி பாதுகாப்பானது என்பது தாத்தாவின் எண்ணம். குட்டிகள் துள்ளிப் பாய்வதால், பயந்த பிள்ளைக்கு வயதான, நிதானமான நாயே பொருத்தம். தாத்தாவிடம் இதைப் பக்குவமாகச் சொல்லுங்கள்.

பயம் போனபின் தெருநாயையும் தொடப் போய்விடுவானோ? (சென்னை வாசகர்)

தெருநாயைத் தொடுவதை எந்தப் படியாகவும் எழுதாதீர்கள். அவன் எட்ட வேண்டிய இலக்கு, ஓடாமல், கல்லெறியாமல், இடைவெளி விட்டு அதைக் கடந்து போவதுதான். வளர்ப்பு நாயானாலும் உரிமையாளரைக் கேட்ட பிறகே கை நீட்ட வேண்டும். சாப்பிடும் நாயையும் குட்டியுடன் இருக்கும் நாயையும் நெருங்கக் கூடாது. கடியோ கீறலோ பட்டால், காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குத் தடுப்பூசிக்கு அழைத்துச் செல்லுங்கள்.