பி.இ.ஜி. 1 என்றால் மலிவா?

கேள்வி: ரப்பர் கையுறை நிறுவனம் ஒன்றின் பி.இ. 24, பி.இ.ஜி. 1. மலிவு என்று நம்பலாமா? (மார்த்தாண்டம்)

பதில்: பங்கின் விலை, ஒரு பங்குக்கான ஆண்டு லாபத்தைப் போல் எத்தனை மடங்கு என்பது பி.இ. அதை ஆண்டு லாப வளர்ச்சி விகிதத்தால் வகுத்தால் பி.இ.ஜி. யாரோ 24% வளர்ச்சி என்று கணித்ததால்தான் உங்களுக்கு 1 வந்தது. வேகமாக வளரும் நிறுவனத்துக்குக் கூடுதல் விலை தகும் என்ற எண்ணம் சரியே. ஆனால் இந்த வகுத்தலில் மேலே இருப்பது இன்றைய விலை, கீழே இருப்பது ஊகம். வளர்ச்சி 12% ஆனால் பி.இ.ஜி. 2, 8% ஆனால் 3. பங்கு விலையோ அசையவே இல்லை!

குலசேகரத்தில் ரப்பர் பால் வெட்டுபவரிடம் அடுத்த ஆண்டு ரப்பர் பால் விலையைக் கேளுங்கள், சிரிப்பார். அந்த விலையை நம்பிய லாபத்துக்குத்தான் இந்தக் கணிப்பு. கடந்த ஆண்டு லாபம் சரிந்திருந்தால், வெறும் மீட்சிகூட வளர்ச்சியாகத் தோன்றும். மிகக் குறைந்த கணிப்பை வைத்தும் வகுத்துப் பாருங்கள். விடை 1-லிருந்து 3-க்குத் தாவினால், அந்த எண்ணை விட்டுவிடுவேன்.