தவறான பெயரில் வந்த வரி பில்லை மாற்றி வாங்குவது எப்படி?

"கம்பெனிக்கு வாங்கிய பிரிண்டருக்கு என் சொந்தப் பெயரில் பில் வந்துவிட்டது, வரிப் பதிவு எண்ணும் இல்லை. விற்றவரிடம் எப்படிக் கேட்பது?"

நீங்களே பேனாவால் திருத்தாதீர்கள். விற்றவருக்கு இப்படி எழுதுங்கள்: "இந்த எண், இந்தத் தேதியிட்ட பில் என் பெயரில் உள்ளது. இணைத்துள்ள பதிவுச் சான்றிதழில் இருக்கும் கம்பெனிப் பெயருக்கும் எண்ணுக்கும் மாற்றித் தரவும். பொருளிலும் தொகையிலும் மாற்றமில்லை."

பெயரைச் சான்றிதழில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து கொடுங்கள். கடைப் பலகையில் உள்ள பெயர் வேறாக இருக்கலாம்.

சீக்கிரம் கேட்பது முக்கியம். அந்த விற்பனையை அவர் வரிக் கணக்கில் காட்டிவிட்டால், பழைய பில்லின் தொகையைக் கழிக்கும் கிரெடிட் நோட் போட்ட பிறகே புதியது தர வேண்டியிருக்கலாம். அப்புறம், புதிய பில்லில் பழைய பில் எண் குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஒரே பிரிண்டரை இரண்டு முறை வாங்கியதுபோலத் தெரியும்.