வட்டி கட்டாமல் பாயின்ட் சேர்ப்பது எப்படி? ஸ்கோர் ஏன் குறைந்தது?

கேள்வி: ஐயா, இரண்டு வருடமாக கிரெடிட் கார்டு வைத்திருக்கிறேன். லிமிட் 60,000. ஒருமுறைகூடத் தவணை தப்பியதில்லை. பாயின்ட் சேரட்டும் என்று சில மாதங்களாக எல்லாச் செலவையும் கார்டுக்கே மாற்றிவிட்டேன். ஜூன் 10இல் ஃபிரிட்ஜ் 30,000, ஜூன் 25இல் வேறொரு செலவு 10,000. ஜூலை 5இல் 40,000க்கு பில் வந்தது, கெடு ஜூலை 25. இதற்கிடையில் 2,000க்கு ஒரு பொருளைத் திருப்பி அனுப்பியிருந்தேன். அந்தப் பணம் எப்படியும் கார்டுக்கு வந்துவிடும் என்று அதைக் கழித்துக்கொண்டு, ஜூலை 25இல் 38,000 கட்டினேன். அது இன்னும் வரவில்லை. ஆகஸ்ட் 5 பில்லில் வட்டி மட்டும் 2,372 போட்டிருக்கிறார்கள். வட்டி நாளுக்கு 0.1 சதவீதம் என்று இருக்கிறது. 2,000க்கு எப்படி இவ்வளவு வட்டி? கிரெடிட் ஸ்கோரும் 782லிருந்து 741க்கு இறங்கிவிட்டது. ஆறு மாதத்தில் வீட்டுக் கடன் வாங்க வேண்டும். கார்டையே மூடிவிடலாமா?

பதில்: மூட வேண்டாம். அதற்கான காரணத்துக்குப் பிறகு வருகிறேன். முதலில் அந்த 2,372.

கார்டில் வாங்கும் பொருளுக்கு வட்டியில்லாமல் சில வாரங்கள் கிடைக்கிறதே, அந்தச் சலுகைக்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. பில்லில் வந்த தொகை முழுவதும் கெடு தேதிக்குள் போய்ச் சேர வேண்டும். கொஞ்சம் பாக்கி வைத்தாலும் சலுகை மொத்தமாகப் போய்விடும். பாக்கிக்கு மட்டும்தான் வட்டி என்று பலரும் நினைக்கிறார்கள். நிறைய கார்டுகளின் ஒப்பந்தம் அப்படி இல்லை. முழுத் தொகை வராவிட்டால், ஒவ்வொரு செலவுக்கும் அது நடந்த நாளிலிருந்தே வட்டி ஓடும். உங்கள் கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

ஃபிரிட்ஜ் வாங்கியது ஜூன் 10. நீங்கள் பணம் கட்டியது ஜூலை 25. இடையில் 45 நாள். 30,000க்கு நாளுக்கு 30 வீதம் 1,350. ஜூன் 25 செலவு 10,000க்கு 30 நாள், நாளுக்கு 10 வீதம் 300. கட்டி முடித்துவிட்ட 38,000மும் இந்த இரண்டுக்குள்ளேதான் இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். கட்டிய பணத்துக்கும் கட்டிய நாள் வரை வட்டி வாங்கிவிட்டார்கள். பாக்கி நின்ற 2,000க்கு ஜூலை 25 முதல் ஆகஸ்ட் 5 வரை 11 நாள், அது வெறும் 22தான். ஆகக் கூட்டினால் 1,672. மீதி 700 எங்கே என்று தேடினால், ஜூலையில் வேறு ஏதாவது பெரிய செலவு செய்திருப்பீர்கள். ஜூலை 6இல் 20,000, ஜூலை 26இல் 10,000 செலவு என்று வைத்தால் ஆகஸ்ட் 5 வரை 30 நாளுக்கு 600, 10 நாளுக்கு 100 என்று சரியாக 700 வரும். உங்கள் பில்லில் தேதியும் தொகையும் வேறாக இருக்கலாம், ஆனால் காரணம் இதுதான்: சலுகை போன பிறகு புதிதாக வாங்குவதற்கும் முதல் நாளே வட்டி தொடங்கிவிடுகிறது.

திருப்பி அனுப்பிய பொருளின் பணம்தான் இங்கே சிக்கலுக்கு வேர். கெடுவுக்குள் கடையிலிருந்து வந்து சேராத தொகையைக் கார்டு நிறுவனம் கணக்கில் எடுத்துக்கொள்ளாது. ஜூலை 25 வரை அது வராததால் 40,000தான் கட்ட வேண்டியிருந்தது. கெடுவுக்குப் பிறகு வரும் பணம் அடுத்த பில்லில் கழியும். அதனால் இனி மனக்கணக்கு வேண்டாம். பில்லில் உள்ள தொகையை அப்படியே கட்டுங்கள்.

ஆட்டோ பே வைத்திருந்தால் அதையும் ஒருமுறை திறந்து பாருங்கள். முழுத் தொகை, மினிமம் தொகை என்று இரண்டு வாய்ப்பு இருக்கும். மினிமம் என்று வைத்துவிட்டு, எல்லாம் தானாகப் போய்க்கொண்டிருக்கிறது என்று நிம்மதியாக இருப்பவர்கள் உண்டு. மினிமம் கட்டினால் தாமதக் கட்டணம் வராது, ஸ்கோரில் தாமதம் என்று பதிவாகாது. வட்டி மட்டும் நிற்காது.

இப்போது என்ன செய்ய வேண்டும் என்றால், ஆகஸ்ட் 25 வரை காத்திராமல் இன்றே முழு நிலுவையையும் கட்டுங்கள். வட்டி நாள்கணக்கில் ஓடுகிறது. ஆகஸ்ட் 5இல் 32,000 நிலுவை இருந்திருந்தால் நாளுக்கு 32. கெடு வரை விட்டால் இன்னொரு 640 ஆகும். இன்று கட்டிய பிறகும் செப்டம்பர் பில்லில் சின்னதாக ஒரு வட்டி வரும். அது ஆகஸ்ட் 5 முதல் இன்று வரைக்கான மிச்சம், பயப்பட வேண்டாம், அதையும் முழுவதும் கட்டிவிடுங்கள். வட்டி எதுவும் இல்லாத ஒரு பில் வரும்வரை இந்தக் கார்டைத் தொடாதீர்கள். அப்புறம் வாடிக்கையாளர் சேவைக்கு அழைத்து, இரண்டு வருடத்தில் இதுதான் முதல் தடவை என்று சொல்லி வட்டியைத் திருப்பித் தரச் சொல்லிக் கேளுங்கள். தர வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை. ஆனால் நல்ல வாடிக்கையாளருக்கு முதல் தடவை தள்ளிக் கொடுப்பது நடக்கிற காரியம்தான்.

சரி, ஸ்கோருக்கு வருவோம். அந்த 2,000 பாக்கியால் ஸ்கோர் இறங்கியிருக்க வாய்ப்பு குறைவு. மினிமம் தொகைக்கு மேலேயே கட்டிவிட்டீர்கள், அதுவும் கெடுவுக்குள். பதிவில் அது ஒழுங்கான தவணைதான். இறங்கியதற்கு எனக்குத் தெரியும் பெரிய காரணம், நீங்கள் எல்லாச் செலவையும் கார்டுக்கு மாற்றியது.

கார்டு நிறுவனம் உங்கள் நிலுவையைக் கடன் தகவல் நிறுவனத்துக்கு அனுப்பும்போது பெரும்பாலும் பில் போடும் நாளின் தொகையைத்தான் அனுப்புகிறது. அதை இருபது நாள் கழித்து முழுவதும் கட்டுகிறீர்களா இல்லையா என்பது அந்த எண்ணில் தெரியாது. ஜூலை 5இல் உங்கள் லிமிட் 60,000, நிலுவை 40,000. மூன்றில் இரண்டு பங்கு தீர்ந்துபோன ஆளாகத் தெரிந்திருப்பீர்கள். ஃபிகோ என்ற அமெரிக்க நிறுவனத்தின் ஸ்கோரில் தவணை ஒழுங்குக்கு 35 சதவீதமும், வாங்கியிருக்கும் கடன் அளவுக்கு 30 சதவீதமும் எடை தருவதாக அந்த நிறுவனமே சொல்கிறது. லிமிட்டில் எவ்வளவு பயன்படுத்துகிறீர்கள் என்பது இந்த இரண்டாவதில்தான் முக்கியமாக வருகிறது. மற்ற ஸ்கோர்களில் எடை கொஞ்சம் மாறலாம், போக்கு இதேதான்.

அதாவது உங்கள் கார்டில் இரண்டு தேதிகள் இரண்டு வேலை செய்கின்றன. வட்டி வருமா வராதா என்பது 25ஆம் தேதியில் முடிவாகிறது. ஸ்கோருக்குப் போகும் எண் 5ஆம் தேதியில் முடிவாகிறது. ஒரு பைசா வட்டி கட்டாதவருக்கும் ஸ்கோர் குறைவது இதனால்தான்.

இதைச் சரிசெய்ய செலவைக் குறைக்கக்கூட வேண்டியதில்லை. பில் போடும் நாளுக்கு முன்பே பெரும்பகுதியைக் கட்டிவிடுங்கள். 40,000 செலவான மாதத்தில் 1ஆம் தேதி 32,000 கட்டினால், 5ஆம் தேதி பில் 8,000க்கு வரும். லிமிட்டில் 13 சதவீதம்தான். அந்த 8,000ஐ வழக்கம்போல 25க்குள் கட்டிவிடலாம். பாயின்ட் செலவுக்குத்தான் கிடைக்கிறது என்பதால் அதில் ஒன்றும் குறையாது. பணம் கணக்கில் ஏற ஓரிரு வேலை நாள் ஆகலாம், ஆகவே 4ஆம் தேதி இரவு வரை தள்ளிப்போடாதீர்கள். 30 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் போதும் என்று சொல்வார்கள். அது ஒரு கோடு ஒன்றுமில்லை, குறையக் குறைய நல்லது. பழைய வகை ஸ்கோர்கள் அந்த மாத நிலுவையை மட்டும் பார்ப்பதால் ஒன்றிரண்டு பில்லிலேயே எண் ஏறிவிடும். புதிய வகைகள் பல மாதப் போக்கையும் பார்க்கின்றன. ஆறு மாதம் கையில் இருப்பதால் இந்த மாதமே தொடங்கிவிடுங்கள்.

கார்டை மூடக் கூடாது என்றதும் இதனால்தான். மூடினால் அதன் லிமிட் கணக்கிலிருந்து போய்விடும். வேறு கார்டு இருந்து அதில் நிலுவையும் இருந்தால், உங்கள் விகிதம் ஒரே நாளில் ஏறிவிடும். லிமிட்டை உயர்த்தக் கேட்கலாம், ஆனால் அதற்காகக் கடன் விசாரணை போடுவார்களா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். போடுவார்கள் என்றால் அதுவும் ஸ்கோரைக் கொஞ்சம் இறக்கலாம், இப்போது வேண்டாம். அதே காரணத்துக்காக, வரவேற்புப் பாயின்ட் எவ்வளவு கொடுத்தாலும் வீட்டுக் கடன் கைக்கு வரும்வரை புதிய கார்டுக்கு விண்ணப்பிக்காதீர்கள்.

அந்தப் பாயின்ட்டின் மதிப்பையும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். 1 சதவீதம் திரும்ப வருகிறது என்று வைத்தால் மாதம் 40,000 செலவுக்கு 400, வருடத்துக்கு 4,800. இப்போது கட்டிய 2,372 வட்டியிலேயே ஏறத்தாழ ஆறு மாதப் பாயின்ட் கரைந்துவிட்டது. வீட்டுக் கடனில் இது இன்னும் பெரிதாகும். 50 லட்சத்தை 20 வருடத்துக்கு 8.5 சதவீதத்தில் வாங்கினால் மாதத் தவணை 43,391. ஸ்கோர் குறைவு என்று 9 சதவீதம் போட்டால் 44,986. மாதம் 1,595 அதிகம். வட்டி விகிதம் மாறாமல் இருந்தால் 240 தவணையில் 3,82,800 ஆகிறது. இதை ஈடுகட்ட, வருடம் 4,800 என்று எண்பது வருடம் பாயின்ட் சேர்க்க வேண்டும். எனவே இந்த ஆறு மாதத்தில் பாயின்ட்டுக்கும் ஸ்கோருக்கும் எப்போது மோதல் வந்தாலும் ஸ்கோர் பக்கம் நில்லுங்கள். பாயின்ட்டுக்காக மட்டும் ஒரு பெரிய பொருளை முன்கூட்டி வாங்குவது, கார்டில் ரொக்கம் எடுப்பது எல்லாம் வேண்டாம். ரொக்கத்துக்கு வட்டியில்லாக் காலமே கிடையாது. எடுத்த நாளே வட்டி, கட்டணம் தனி.

உங்கள் கடன் அறிக்கையை நீங்களே எடுத்துப் பார்த்தால் ஸ்கோர் குறையாது, தயங்காமல் எடுங்கள். அதில் மூன்று இடங்களைப் பாருங்கள்: கார்டின் லிமிட் 60,000 என்று சரியாக இருக்கிறதா, ஜூலை தவணை ஒழுங்கு என்று பதிவாகியிருக்கிறதா, நீங்கள் கேட்காத விசாரணை ஏதாவது இருக்கிறதா. தவறு இருந்தால் கடன் தகவல் நிறுவனத்தில் உடனே முறையீடு போடுங்கள், திருத்த வாரங்கள் ஆகும். வங்கி கடனுக்கு ஒப்புதல் கொடுத்த பிறகும் பணம் கொடுக்கும் முன் அறிக்கையை இன்னொரு முறை பார்க்கக்கூடும். ஆகவே பணம் கைமாறும் நாள் வரை 1ஆம் தேதியில் கட்டும் பழக்கத்தை விட்டுவிடாதீர்கள்.