மனிதக் கடிகாரத்தில் மணி முள்ளும் நடக்க வேண்டும்

கேள்வி: இரண்டாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன். வகுப்பறை மிகச் சிறியது. பிள்ளைகளையே முள்ளாக நிறுத்தி மனிதக் கடிகாரம் விளையாடினோம். ஆனாலும் மணி தப்பாகவே சொல்கிறார்கள். இடம் போதாததுதான் காரணமா?

இடம் காரணமில்லை. நானும் அப்படித்தான் நினைத்து ஒரு வருடத்தை வீணாக்கினேன்.

நீங்கள் 12 பிள்ளைகளை எண் அட்டையோடு வட்டமாக உட்கார வைத்திருப்பீர்கள். நானும் அதைத்தான் செய்தேன். 12-ல் உட்கார்ந்த பிள்ளைக்குக் கடிகாரம் தலைகீழாகத் தெரியும், 3 அவளுக்கு இடது பக்கம் இருக்கும். இதை நான் கவனிக்கவே இல்லை. முள்ளாக நின்றவர்களோ நான் சொன்ன எண்ணுக்குத் தாவினார்கள். மூன்றரை என்றால் பெரிய முள் 6-ல், சின்ன முள் சரியாக 3-ல். எல்லோரும் கை தட்டினோம். மறுநாள் கடிகாரத்தில் 3.50 காட்டினேன். 17 பேரில் 11 பேர் 4.50 என்றார்கள். சின்ன முள் 4-ஐ ஒட்டி நின்றதால் நாலு என்று படித்துவிட்டார்கள். அது அவர்கள் தப்பில்லை. சின்ன முள் நகரும் என்பதை நான் காட்டவே இல்லையே. பாடத்துக்குப் பயன்படுத்தும் அட்டைக் கடிகாரமும் இதற்கு உதவாது. இரண்டு முள்ளும் தனித்தனியாகச் சுற்றும், ஒன்றைத் திருப்பினால் மற்றது அசையாது.

இப்போது செய்வதைச் சொல்கிறேன். என் வகுப்பறையில் 12 அடிக்கு 16 அடிதான் மிச்சம். மற்ற இடத்தைப் பழைய இரும்பு பீரோக்கள் அடைத்திருக்கின்றன. கதவு கழன்று துருப்பிடித்த அவற்றை அப்புறப்படுத்தக் கேட்டு மூன்று முறை எழுதிக் கொடுத்துவிட்டேன். கழிவு செய்ய உத்தரவு வரவில்லை என்கிறார்கள். துருப்பிடித்த இரும்புக்குக் கிடைக்கும் இடம் பிள்ளைகளுக்குக் கிடைக்கவில்லை என்பதை நினைத்தால் மனம் கொதிக்கிறது. இருக்கட்டும்.

எண்ணாக யாரையும் உட்கார வைப்பதில்லை. நாலு அடிக் கயிற்றின் நுனியில் சாக்பீஸைக் கட்டித் தரையில் ஒரு வட்டம் போடுகிறேன். அதே கயிற்றை இழுத்துப் பிடித்து வட்டத்தின் மேல் அளந்துகொண்டு போனால் சரியாக ஆறு இடம் கிடைக்கும். அவை 12, 2, 4, 6, 8, 10. இடையில் மற்ற ஆறு எண்கள். உள்ளே இரண்டரை அடிக் கயிற்றால் இன்னொரு வட்டம். எல்லா எண்ணையும் 6-ன் பக்கம் நின்று படிப்பதுபோல எழுதுகிறேன். பிள்ளைகளும் அந்தப் பக்கமே இரண்டு வரிசையாக நிற்கிறார்கள். எட்டு அடி வட்டம் போக அவர்கள் நிற்க எட்டு அடி இருக்கிறது. நடுவில் ஒரு பிள்ளை உட்கார்ந்து இரண்டு கயிறுகளின் நுனியையும் பிடித்துக்கொள்ளும். நீளக் கயிற்றின் மறுநுனியோடு பெரிய முள் வெளிவட்டத்திலும், குட்டைக் கயிற்றோடு சின்ன முள் உள்வட்டத்திலும் நடக்கும்.

உள்வட்டத்தை அந்த அளவில் போட்டதற்குக் காரணம் உண்டு. ஏழு வயதுப் பிள்ளையின் பாதத்தால் அளந்தால், ஓர் எண்ணிலிருந்து அடுத்த எண்ணுக்கு ஏறக்குறைய இரண்டு பாதம் வரும். மூன்று மணியில் தொடங்குவோம். பெரிய முள் எண் எண்ணாக நடக்க, வகுப்பு "ஐந்து, பத்து, பதினைந்து" என்று சொல்லும். "முப்பது" என்றதும் சின்ன முள் ஒரு பாதம் வைக்கும். பிறகு குதிகால் விரலைத் தொட மறு பாதத்தை மெல்ல நகர்த்திக்கொண்டே போய், "அறுபது" என்னும்போது நாலில் ஊன்றும். பெரிய முள் ஒரு சுற்று முடிப்பதற்குள் சின்ன முள் இரண்டு பாதம்தான் நடக்கிறது என்பதை அவர்களே பார்க்கிறார்கள்.

ஒரு முறை "ஐம்பது" என்னும்போது எல்லோரையும் நிறுத்தினேன். "நாலு மணி ஆகிவிட்டதா?" என்று கேட்டேன். ஒரு பையன் சொன்னான்: "இல்லை டீச்சர். அவன் இன்னும் மூணு வீட்டில்தான் இருக்கிறான். நாலு வீட்டு வாசலுக்கு வந்திருக்கிறான், உள்ளே போகவில்லை." அன்றிலிருந்து எங்கள் வகுப்பில் 3-லிருந்து 4 வரை உள்ள இடத்துக்கு மூணு வீடு என்றே பெயர்.

நம் மொழி இதற்கு எவ்வளவு துணை செய்கிறது என்று அப்போதுதான் புரிந்தது. மூன்றேகால், மூன்றரை, மூன்றேமுக்கால் எல்லாவற்றிலும் மூன்று முன்னால் நிற்கிறது. சின்ன முள் வீட்டுக்குள் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதையே அந்தச் சொல் சொல்லிவிடுகிறது. 'நாலுக்குக் கால் மணி இருக்கிறது' என்பதை நான் பிறகுதான் கொண்டுவருகிறேன். ஆங்கில வழி ஆசிரியர்கள் இதை ஏற்காமல் போகலாம். அவர்கள் பாடப்புத்தகம் கேட்பது வேறு, அது எனக்கும் தெரியும்.

திடலில் விளையாடினால் இடப் பிரச்சினையே இல்லையே என்று யாராவது எழுதுவார்கள். எங்கள் திடலில் பத்து மணிக்கே தரை சுடும்.

புரிந்ததா என்று பார்க்க இரண்டு வழி வைத்திருக்கிறேன். பெரிய முள்ளை வெளியே அனுப்பிவிட்டுச் சின்ன முள்ளை மட்டும் 7-க்கும் 8-க்கும் நடுவில் நிறுத்துவேன். ஏழரை இருக்கும் என்று சொன்னால் புரிந்துவிட்டது. இன்னொன்று, பெரிய முள்ளை 6-லும் சின்ன முள்ளைச் சரியாக 3-லும் வேண்டுமென்றே நிறுத்துவது. முதல் வருடம் நாங்கள் கை தட்டிய அதே நிலை. இந்த வருடப் பிள்ளைகள் அதைப் பார்த்ததும், "இந்தக் கடிகாரம் கெட்டுப்போயிருக்கிறது டீச்சர்" என்று கத்தினார்கள்.