டப்பாவின் அடியில் எந்த எண்ணைப் பார்க்க வேண்டும்?

கேள்வி: ஓட்டல் பார்சல் டப்பாவின் அடியில் முக்கோணத்துக்குள் 5 இருக்கிறது, பக்கத்திலேயே சின்ன வட்டத்துக்குள் 7 இருக்கிறது. வீட்டில் உள்ள ஊறுகாய் ஜாடியில் 1 மட்டும். இதில் எது பிளாஸ்டிக்கின் எண்? சூடான சாம்பார் எதில் ஊற்றலாம்?

பதில்: முக்கோணத்துக்குள் இருப்பதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். வட்டத்துக்குள் தனியாக நிற்கும் எண் பெரும்பாலும் அச்சின் எண். ஒரே அச்சில் பல டப்பாக்கள் ஒன்றாக வார்க்கப்படும். எந்தக் குழியில் வார்த்தது என்று தெரிய ஆலைக்காரர்கள் போடும் அடையாளம் அது. கடிகாரம் போல 1 முதல் 12 வரை சுற்றி எழுதி நடுவில் அம்பு இருந்தால், அது தயாரித்த மாதம்.

ஆக, பார்சல் டப்பா 5, அதாவது பாலிப்ரொப்பிலீன். சந்தேகம் இருந்தால் விளிம்பில் ஒரு துண்டு வெட்டி, ஒரு சொட்டு பாத்திர சோப்பு கலந்த தண்ணீரில் அமுக்கி விடுங்கள். சோப்பு இல்லாவிட்டால் காற்றுக் குமிழி ஒட்டிக்கொண்டு, மூழ்க வேண்டியதும் மிதக்கும். பாலிப்ரொப்பிலீன் மேலே வந்துவிடும். 2, 4 எண் பிளாஸ்டிக்கும் அப்படித்தான். 1, 3 மூழ்கும், தெர்மாகோல் மாதிரி நுரையாக ஊதப்படாத 6-ம் மூழ்கும். ஆனால் சுண்ணாம்புத்தூள் மாதிரி ஏதாவது நிறையக் கலந்திருந்தால் 5-ம் மூழ்கும். அதனால் மூழ்கியதை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம்.

உங்கள் ஜாடியின் 1 'பெட்' வகை, தண்ணீர் பாட்டில் செய்யும் அதே பிளாஸ்டிக். அடியைத் திருப்பிப் பாருங்கள், நடுவில் பொட்டு மாதிரி ஒரு புள்ளி இருக்கும். பிளாஸ்டிக் அச்சுக்குள் நுழைந்த இடம் அது. பால் நிறத்து ஷாம்பு பாட்டிலில் புள்ளி இருக்காது. அடியின் குறுக்கே நேர்க்கோடாக ஒரு தையல் ஓடும், குழாயாக வந்த பிளாஸ்டிக்கை அச்சு கிள்ளி மூடிய தடம். எண் தேய்ந்துபோன பாட்டிலில் இந்தத் தடம்தான் எனக்கு முதல் துப்பு.

இனி சாம்பார். 'பெட்' ஏறக்குறைய 75 டிகிரியிலேயே இளகத் தொடங்கும். கொதித்து இறக்கியதை ஊற்றினால் ஜாடி சுருங்கிக் கோணிக்கொள்ளும். பாலிப்ரொப்பிலீன் உருக 160 டிகிரி அளவு வேண்டும், அதனால் சாம்பாரின் சூட்டில் உருகாது. ஆனால் தாளித்த எண்ணெயை நேராக அதில் கொட்டாதீர்கள், அந்தச் சூடு 160-ஐயும் தாண்டும், அடி ஓட்டையாகிவிடும்.

ஒன்று மட்டும் மனதில் இருக்கட்டும். முக்கோணம் சொல்வது என்ன பிளாஸ்டிக் என்பதை மட்டும்தான். உணவுக்கு ஏற்றதா, எத்தனை முறை பயன்படுத்தலாம் என்பதை அது சொல்லாது. உணவுக்கு என்றால் கோப்பையும் முள்கரண்டியும் சேர்ந்த குறியைத் தேடுங்கள். 7 முக்கோணத்துக்குள்ளேயே இருந்திருந்தால், 'மற்றவை' என்று பொருள். அதை வைத்து எதையும் ஊகிக்க முடியாது. அப்புறம், மூடியைத் தனியாகத் திருப்பிப் பாருங்கள். ஜாடி 1 என்றாலும் மூடி பெரும்பாலும் வேறு பிளாஸ்டிக்காக இருக்கும்.